அந்த 82 எதில் 82?

குழுவில் ஒருவர் எழுதியது: “சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் திருவிழா அறிவிப்பு சாட்ஜிபிடி எழுதினதுதான். கருவி 82% காட்டுது, வேற பேச்சே இல்ல.”

எந்த ஏஐ மாடல் எழுதியது என்று ஊகிக்கும் கருவி இது. அதன் பட்டியலில் ஐந்து மாடல் இருந்தால், 100-ஐ அந்த ஐந்துக்குள்தான் அது பங்கிடும். எழுதியது ஆறாவது மாடலாக இருந்தாலும் பழி ஐந்தில் ஒன்றின் தலையில்தான் விழும். மனிதனா இயந்திரமா என்றால் இரண்டே பெட்டி. இங்கே எத்தனை பெட்டி என்றே யாருக்கும் தெரியாது.

‘நடையே காட்டிக்கொடுத்துடும்’ என்ற அண்ணன் சொன்னது பாதி சரி. பட்டியலில் உள்ள மாடல், யாரும் கைவைக்காத நீண்ட உரை என்றால் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் நடையும் கடன் வாங்கப்படுகிறது. 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டின் அல்பாக்கா மாடலுக்கு அடித்தளம் மெட்டாவின் லாமா மாடல். பழக்கியதோ ஓப்பன்ஏஐ மாடல் எழுதித் தந்த 52,000 எடுத்துக்காட்டுகளில். அது எழுதியதை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

பட்டியலில் இல்லாத மாடல் ஒன்றில் இதே அறிவிப்பை எழுதவைத்து, கருவியில் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு பெயரும் பெரிய சதவீதமும் வந்தால், 82-ஐ மறந்துவிடலாம்.

மகன் கட்டுரையைப் பற்றிக் கேட்ட அக்கா, உங்களுடையது அவன்தான் எழுதினானா என்ற கேள்வி. அதற்கு மாடல் பெயரே வேண்டாம். கோயில் அறிவிப்போ மொத்தமே 90 சொல். அதை வைத்து எந்த மாடல் என்று சொல்ல முடியுமா என்பதே சந்தேகம்.