ஆறு லெட்டரும் ஒரு பொங்கலும்

(கொடைக்கானல், ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜ். டிசம்பர் கடைசி வாரம். மேனேஜர் மேஜையில் ஆறு லீவு லெட்டர்.)

மாஸ்டர்: சார், முதல் லெட்டர் என்னோடது. 1ஆம் தேதி காலையில 6 மணிக்கே கொடுத்துட்டேன்.

மேனேஜர்: முதல்ல கொடுத்தவருக்கு முதல் லீவுன்னா, நைட் டியூட்டி பார்த்துட்டுத் தூங்குறவன் வருஷா வருஷம் ஏமாறுவான் மாஸ்டர். 20ஆம் தேதி வரைக்கும் வந்ததெல்லாம் ஒண்ணாத்தான் கணக்கு.

மாஸ்டர்: அந்தப் பனியில வந்தது வீணா?

மேனேஜர்: ரெண்டு டீ குடிச்சீங்கள்ல. கேளுங்க, ஜனவரி 14லேர்ந்து 17 வரைக்கும் ரூம் எல்லாம் ஃபுல். ஆறு பேர்ல தினம் நாலு பேர் இருந்தே ஆகணும். அப்போ ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு லீவு, நாலு நாளைக்கு மொத்தம் எட்டு. நீங்க ஆறு பேரும் கேட்டிருக்கிறது இருபத்தி நாலு.

மாஸ்டர்: எல்லாரும் ஆளுக்கு நாலு நாள் போட்டா, கடைசியில ரெண்டாவது கிடைக்கும்னுதான் சார்.

மேனேஜர்: தெரியும். அதனாலதான் "எத்தனை நாள்"னு கேட்காம "எந்த ஒரு நாள் போயே ஆகணும்"னு தனித்தனியா கேட்டேன். பூம்பாறைக்காரன் வீட்ல மாடு இருக்கு, அவனுக்கு 16. உங்க அசிஸ்டன்டும் 16தான் கேட்டான். கிறிஸ்துமஸுக்குப் போயிட்டு வந்தவன், தனக்கு 14 போதும்னுட்டான்.

மாஸ்டர்: எனக்கு 15.

மேனேஜர்: 15ஐ மூணு பேர் கேட்டிருக்கீங்க. நீங்க, ராமநாதபுரத்துக்காரன், வத்தலக்குண்டுக்காரன். போன வருஷப் பொங்கல் அன்னைக்கு வீட்ல இருந்தது யாரு?

மாஸ்டர்: வத்தலக்குண்டுதான். நான் இங்க 60 பேருக்கு வெண்பொங்கல் கிண்டினேன்.

மேனேஜர்: அதான் அவனுக்கு 17, உங்களுக்கு 15. போன வருஷமும் சமமா இருந்தா சீட்டுக் குலுக்கணும். அப்புறம் யாரும் என்மேல பழி போட முடியாது.

மாஸ்டர்: ராமநாதபுரத்துக்கு மட்டும் ரெண்டு நாளாமே?

மேனேஜர்: ஒரு நாள் கொடுத்தா அவன் பொங்கலே பஸ்ஸுலதான். 14, 15 அவனுக்கு. திரும்பி வர்ற 16 அன்னைக்கு மதிய ஷிப்ட். காலை ஷிப்ட் போட்டா, போன் சுவிட்ச் ஆஃப்!

மாஸ்டர்: 17ல ஒரு இடம் காலியா இருக்கே சார்...

மேனேஜர்: அது திடீர்க் காய்ச்சலுக்கு. இல்லேன்னா ஒருத்தர் படுத்தா, கொடுத்த லீவைத்தான் பிடுங்கணும்.

மாஸ்டர்: எனக்கு இப்பவே லேசா காயுது.

மேனேஜர்: 17 வரைக்குமா காயும்? இன்னொண்ணு, லீவை மாத்திக்கிறதுன்னா ரெண்டு பேரும் இந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். சமையல்காரர் ரெண்டு பேரும் ஒரே நாள்ல இறங்கக் கூடாது.

மாஸ்டர்: பொங்கலன்னைக்கு வேலை பார்க்கிறவனுக்கு என்ன சார் லாபம்?

மேனேஜர்: நம்ம விடுமுறைப் பட்டியல்ல அந்த நாள் இருக்கு. 1958ஆம் வருஷத்துப் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ரெட்டைச் சம்பளம். இல்லேன்னா அன்னைக்கு உள்ள சம்பளத்தோட, சம்பளத்தோடயே வேற ஒரு நாள் லீவு.

மாஸ்டர்: ரெட்டையா? அந்த நோட்டை இப்படிக் கொடுங்க, வத்தலக்குண்டைக் கூப்பிடுறேன்!