ஃபீஸ் நோட்டும் வருகைப் பதிவேடும்

டியூஷன் சென்டர் நடத்துகிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு விஷயத்தில்தான் வந்து நிற்கும். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஃபீஸ் நேரத்துக்கு வருவதில்லை. இவை இரண்டும் வேறு வேறு தலைவலி என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு விடுமுறையில் பழைய வருகைப் பதிவேட்டையும் ஃபீஸ் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் 31 பேர். நின்றவர்கள் 11 பேர். அதில் 8 பேர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போயிருக்கிறார்கள். அந்த 8 பேரில் 6 பேர் இரண்டாம் மாத ஃபீஸைத் தாமதமாகக் கட்டியவர்கள் அல்லது கட்டாமலே போனவர்கள்.

இது எனக்கு அதுவரை தெரியவே இல்லை. காரணம், நான் பார்த்துக்கொண்டிருந்தது மொத்த எண்ணிக்கையை. நாலு பேர் போனால் நாலு பேர் வருவார்கள், பேட்ச் நிறைந்தே இருக்கும். எந்த மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் இருக்கிறார்கள் என்று தனித்தனியாக எண்ணினால்தான் ஓட்டை கண்ணில் படும்.

முதலில் எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: அபராதம். 5-ம் தேதி தாண்டினால் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினேன். அதுவரை தாமதமானால் கொஞ்சம் சங்கடப்பட்ட பெற்றோர், “அபராதத்தோட சேர்த்து அடுத்த வாரம் தந்துடறேன் சார்” என்று நிம்மதியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதே கதையைப் பதிவு செய்து 2000-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும், தாமதமாக வருபவர்கள் கூடிவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. அபராதம் அவர்களுக்குத் தாமதத்தின் விலையாகிவிட்டது. இதை நான் பின்னால்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் ஒரு நோட்டீஸ் மிச்சம்.

சரி, பிள்ளைகள் ஏன் முதல் இரண்டு மாதத்தில் போகிறார்கள்? நின்றவர்கள் வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். பாடம் சரியில்லை என்று சொன்னவர் ஒருவர்தான். மற்றவர்கள் சொன்னது: பள்ளி விட்டு வந்ததும் உடனே கிளம்ப வேண்டியிருக்கிறது, பேட்சில் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்கவும் கூச்சப்படுகிறான். ஒரு வாரம் உட்காரவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயங்கள் இவை.

எங்களிடம் ‘டெமோ கிளாஸ்’ இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், நானே, எனக்குப் பிடித்த பாடத்தை, நாலு ஜோக்கோடு எடுப்பேன். மறுநாள் பிள்ளை சேர்வது வேறு ஆசிரியரிடம், வேறு நேரத்தில், பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில். அந்த டெமோவே ஒரு பொய் வாக்குறுதி என்று எனக்கு உறைக்க நாளானது.

இப்போது சோதனை வகுப்பு என்றால் மூன்று வகுப்பு. எந்த பேட்சில் சேரப்போகிறார்களோ அதே பேட்ச், அதே ஆசிரியர், அதே நேரம். முதல் நாள் 20 நிமிடத்துக்கு ஒரு சின்னத் தாள் தருவேன், முந்தைய வகுப்புப் பாடத்திலிருந்து. மதிப்பெண் போடுவதில்லை. எங்கே இடறுகிறான் என்று பார்க்க மட்டும். மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசுவேன்.

அப்படி வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சொல்கிறேன். அல்ஜீப்ரா வரவில்லை என்று அம்மா அழைத்து வந்தார். தாளைப் பார்த்தால் சமன்பாடு புரிகிறது, பின்னக் கூட்டலும் குறை எண் கழித்தலும்தான் தடுக்கிறது. நேராக பேட்சில் உட்காரவைத்திருந்தால் ஆறு வாரத்தில் கிளம்பியிருப்பான். “முதல் மாதம் அரை மணி நேரம் முன்னால் வரட்டும், பின்னம் மட்டும் பார்ப்போம். இந்தப் பரீட்சையில் மதிப்பெண் ஏறாது, அடுத்ததில் பாருங்கள்” என்றேன். அம்மாவுக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அந்தப் பரீட்சை முடிவு வந்தபோது அவர் அதிர்ச்சியடையவில்லை. பையன் இப்போதும் வருகிறான்.

இதில் தொந்தரவும் உண்டு. பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் ‘சோதனைக்கு’ வந்து, முக்கியக் கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அதனால் பரீட்சை மாதத்தில் சோதனை வகுப்பு கிடையாது. ஒரு பேட்சில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கிடையாது, இல்லாவிட்டால் ஏற்கெனவே படிப்பவர்களின் வகுப்பு கெடுகிறது. மூன்று வகுப்புக்குப் பின் நானே வேண்டாம் என்று அனுப்பியவர்களும் உண்டு. அது வருமானத்தைக் கடிக்கும், மறைக்கவில்லை.

அப்புறம் ஃபீஸ். தாமதமாகக் கட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பணம் இருந்தவர்கள்தான். யாருக்குச் செய்தி போனது என்பதுதான் சிக்கல். வாட்ஸ்அப் குழுவில் “ஃபீஸ் கட்டாதவர்கள் உடனே கட்டவும்” என்று போடுவேன். கட்டியவர் கோபப்படுவார், கட்டாதவர் தனக்கில்லை என்று கடந்துவிடுவார். பல வீட்டில் என்னிடம் இருந்தது அம்மா எண், பணம் அனுப்புவது அப்பா. மாத நடுவில் சேர்ந்தவர்களுக்கு எந்தத் தேதி என்று எனக்கே குழப்பம்.

இப்போது சேரும்போதே, ஃபீஸ் செய்தி யாருக்கு அனுப்ப வேண்டும், சம்பளம் எப்போது வரும் என்று கேட்டுவிடுகிறேன். 5-ம் தேதி அல்லது 15-ம் தேதி, அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நடுவில் சேர்ந்தால் முதல் மாதத்துக்கு நாள் கணக்குப் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தேதிக்குக் கொண்டுவந்துவிடுவேன். மூன்று நாள் முன்பு தனியாக ஒரு செய்தி: பிள்ளையின் பெயர், எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கட்டலாம். கடைசியில் ஒரு வரி, இந்த மாதம் எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனைக்கு வந்தான் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வருகிறது. “நாலு நாள் வரலையா? வீட்டிலிருந்து கிளம்பினானே!”

கெடு நாளில் இன்னொரு செய்தி, கட்டாதவர்களுக்கு மட்டும். அனுப்புவதற்கு முன் அன்றைய வரவை நோட்டில் ஏற்றியே ஆகவேண்டும். ஒருமுறை சோம்பலில் விட்டு, காலையிலேயே கட்டியவருக்கு மாலையில் நினைவூட்டல் போய், இரண்டு நாள் மன்னிப்புக் கேட்டேன். கெடு தாண்டி மூன்று நாள் ஆனால் போன். அதில் முதலில் ஃபீஸைப் பற்றிப் பேசமாட்டேன், பிள்ளைக்கு வகுப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீடு ஃபீஸைத்தான் முதலில் தள்ளிவைக்கும். அந்தப் போனில்தான் அது வெளியே வரும். பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன். வகுப்பில் எழுப்பி ஃபீஸ் கேட்கப்பட்ட பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லும்.

அடுத்த ஆண்டு சேர்ந்தவர்கள் 24 பேர்தான், நின்றவர்கள் 4. அதில் இரண்டு பேர் வீடு மாறிப் போனவர்கள். ஒரு ஆசிரியரும் அதே ஆண்டு மாறினார், அதனால் எல்லாம் சோதனை வகுப்பால்தான் என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் 20-ம் தேதி வாக்கில் கட்டும் ஒருவர் மட்டும் எந்தச் செய்திக்கும் அசையவில்லை. போன் செய்தபோது, தனக்குப் பணம் வருவதே 18-ம் தேதி என்றார். இரண்டு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை. அவருடைய தேதியை 20 என்று மாற்றி எழுதினேன். போன மாதம் 19-ம் தேதியே கட்டிவிட்டார்.