கடைசியில் சீட்டு எடுத்தால் கூரை போட்ட வாகன நிறுத்துமிடம் கிடைக்காதா?

"முதல்ல சீட்டு எடுக்கிறவங்களுக்கே கூரை போட்ட இடமெல்லாம் போயிடும். கடைசியில வர்றவங்களுக்கு வெயில்தான்."

இது தவறு. டர்பன், சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் குடியிருப்பின் செயலாளராக, கணக்கோடு சொல்கிறேன்.

குலுக்கலில் 12 வீடுகள். கூரை இடங்கள் 3. முதலில் எடுப்பவருக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டாமவருக்கு எப்படி? இதே குலுக்கலை 44 முறை நடத்துவதாக நினையுங்கள். சராசரியாக 11 முறை முதலாமவர் கூரை இடத்தை எடுத்துவிடுவார். மீதி 11 சீட்டில் 2 தான் நல்லது என்பதால் அந்த 11 முறையில் இரண்டாமவருக்கு 2 முறை கிடைக்கும். மற்ற 33 முறையில் மூன்றும் அப்படியே இருக்கும். அப்போது 9 முறை கிடைக்கும். மொத்தம் 11. அதுவும் நான்கில் ஒன்றுதான். பன்னிரண்டாமவர் வரை இதே கணக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசையை அல்ல, சீட்டை. ஒன்று தடித்த தாளாகவோ வேறு மாதிரி மடித்ததாகவோ இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரே தாளில் வெட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, எல்லோர் முன்னும் எண்ணித்தான் குடத்தில் போடுவோம். சந்தேகம் இருந்தால் நீங்களே தொட்டுப் பாருங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட முடியாது. வர முடியாதவருக்காக நான் எடுக்க மாட்டேன். கையெழுத்திட்ட கடிதத்தோடு அவர் அனுப்பும் ஆள் எடுக்கலாம்.

தனி உரிமையாகப் பத்திரப்பதிவு செய்யப்பட்ட நிறுத்துமிடங்கள் குலுக்கலில் சேராது.