பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை: முந்தின நாள் யோசித்தால் பலன் இல்லை

கல்யாணம், கோயில் யாத்திரை என்றதும் வீட்டில் யாராவது "ஒரு மாத்திரை போட்டா தள்ளிப்போயிடும்" என்பார்கள். தள்ளிப்போகும்தான். ஆனால் எப்போது தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலும் தருவது நாரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. மாதவிடாய்ச் சுழற்சியின் கடைசியில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைவதால்தான் கர்ப்பப்பையின் உள்படலம் உதிர்கிறது. அந்த ஹார்மோனின் வேலையை மாத்திரை செய்து, படலத்தை உதிரவிடாமல் பிடித்து வைக்கிறது. உதிர ஆரம்பித்த பிறகு போட்டால் நிற்கும் என்று நம்பமுடியாது. அதனால் குறைந்தது மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும்.

18-ம் தேதி வர வேண்டியது, முகூர்த்தம் 21 என்று வைத்துக்கொள்வோம். 15-ம் தேதி காலையிலேயே முதல் மாத்திரை. 21 இரவு கடைசி மாத்திரை என்றால் 23, 24 வாக்கில் ரத்தப்போக்கு வரும். கல்யாணத்தோடு யாத்திரையும் சேர்ந்திருந்தால் எந்த நாளில் நிறுத்துவது என்பதை டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். சுழற்சி ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கே உதவாது. அவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே போய்க் கேட்பது நல்லது.

மூன்று வேளையும் ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளியில் வர வேண்டும். கல்யாண வீட்டில் மதிய வேளைதான் மறந்துபோகும், ஸ்பாட்டிங்கும் அப்போதுதான் எட்டிப்பார்க்கும். சரியாகப் போட்டும் சிலருக்கு லேசாகப் படும். குமட்டல், மார்பகங்களில் வலி, வயிறு உப்பல், தலைவலி, எரிச்சல் எல்லாம் வரலாம், பெரும்பாலும் நிறுத்தியதும் போய்விடும்.

என் கோபமெல்லாம் "வெறும் ஹார்மோன்தானே" என்று கேள்வி கேட்காமல் கொடுப்பதன் மேல்தான். இந்த மாத்திரையில் ஒரு பங்கு உடலுக்குள் எத்தினைல் எஸ்ட்ராடையாலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். அதனால் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ஆரோக்கியமான பெண்ணுக்குச் சில நாட்களில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனால் காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து வரும் மைக்ரேன் உள்ளவர்கள், கல்லீரல் நோய் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாகப் போடக்கூடாது. உறைவு அபாயம் இருப்பவர்களுக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் போன்ற வேறு மாத்திரையை டாக்டர் யோசிக்கலாம். வலிப்பு, காசநோய் மருந்துகள் சில இதன் வேலையைக் கெடுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

பஸ்ஸில் மணிக்கணக்கில் உட்கார்ந்து போகிறீர்களா? இடையிடையே எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, புது மணப்பெண்கள் கவனிக்க: இப்படிப் போடும்போது இது கருத்தடை ஆகாது. நிறுத்தி ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.