அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று குடியிருப்பவர் தானாகச் சொல்லலாமா?

அஸ்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டின் மாடிப் போர்ஷனில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த ஒரு குடும்பம் அண்மையில் காலி செய்தது. போவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தத் தம்பி கீழே வந்து, "அண்ணா, இனி ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க, மீதிய போறப்ப குடுங்க" என்றார். நான் அப்போது தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலின் விலையையும், அதில் இருவருக்கும் இருந்த நியாயத்தையும் பற்றியே இந்தப் பதிவு. நானே ஒன்பது ஆண்டுகள் அம்மாப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் வாடகைக்குக் குடியிருந்தவன் என்பதால், ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

முதலில், இப்படிச் சொல்லத் தோன்றுவதே ஏன் என்று பார்க்க வேண்டும். சேலத்தில் பல வீட்டுக்காரர்கள் அட்வான்ஸை வாங்கியவுடனே செலவழித்துவிடுகிறோம். காலி செய்பவர் கேட்டால், "புது ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தர்றேன்" என்கிறோம். அந்தப் புது ஆள் வருவதற்கு மூன்று மாதமும் ஆகலாம். புதிய வீட்டுக்கும் அட்வான்ஸ் கட்டி, சாமான் ஏற்றும் வண்டிக்கும் கொடுத்து நிற்பவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது. எனவே, கையில் வாராத பணத்தை வாடகையிலாவது எடுத்துவிடுவோம் என்று அவர் நினைப்பதைக் குற்றம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இந்த நினைப்புக்குப் பழைய சட்டத்திலும் ஓர் ஊற்று உண்டு. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதைத் தடுத்திருந்தது. அதற்கு மேல் வாங்கி வைத்திருந்த வீட்டுக்காரர், வாடகை பாக்கி என்று சொல்லி வெளியேற்றக் கேட்டபோது, கையில் இருக்கும் உபரிப் பணத்தைப் பாக்கியில் கழித்துக்கொள்ள வேண்டியவர் நீர்தான் என்ற பொருளில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துப் பேச்சு இன்றும் வாய்வழியாக உலவுகிறது. ஆனால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அடிப்படையையே மாற்றிவிட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்க இப்போது இடமுண்டு. குடியிருப்பவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது வீட்டுக்காரரின் கடமை. அதாவது, கழிப்பது காலி செய்த பிறகு நடக்க வேண்டிய கணக்கு. குடியிருக்கும்போதே குடியிருப்பவர் ஒருதலையாகத் தொடங்கும் கணக்கு அன்று. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் தடையில்லை. ஒப்புக்கொள்ளாமல் நிறுத்தினால், அது பெயரளவில் கழிப்பாக இருந்தாலும் உண்மையில் வாடகை பாக்கியே. இரண்டு மாதப் பாக்கியைக் கேட்டு அறிவிப்பு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அது வெளியேற்றக் கோருவதற்கே ஒரு காரணம் ஆகிறது. போகப் போகிறவரை வெளியேற்ற யாரும் மனுப்போட மாட்டார்கள் என்பது நடைமுறை. ஆனால் போவதாகச் சொன்னவர் போகாமல் இருந்துவிட்டால், அந்தப் பாக்கி திடீரென்று உயிர்பெற்று எழும்.

இனி என் மாடியின் கணக்கு. அவர்கள் வந்தபோது வாடகை 7,500 ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு 22,500. நான்கு ஆண்டுகளில் வாடகை 8,500 ஆகிவிட்டது. அட்வான்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று மாதம் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்த தொகை, உண்மையில் இரண்டரை மாதத்துக்குச் சற்றே மேல்தான். இரண்டு மாதத்துக்கு 17,000 கழித்தவுடன் என் கையில் பிணையாக நின்றது 5,500 மட்டுமே.

பிறகு வந்தவை மூன்று. அரியானூரில் பார்த்து வைத்திருந்த வீட்டின் வேலை முடியாததால், சொன்ன தேதிக்கு மேல் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். காலம் கடந்து இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது; நான் கேட்கவில்லை, நாள் கணக்கில் 3,400 என்று போட்டேன். குளியலறைக்கு வெளியே இருந்த வாஷ்பேசின் விரிசல் விட்டிருந்ததை மாற்ற 2,800 ஆனது. இறுதியாக, இபி பில். நம்மூரில் மின்கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால், குடியிருந்தவர் எரித்த மின்சாரத்தின் பில் அவர் போன பிறகே வருகிறது. 2,140 ரூபாய். மூன்றும் சேர்ந்து 8,340, கையில் 5,500, குறைவு 2,840. பில் வந்தபோது அவர் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். மூன்றாம் முறை அழைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு மாதம் மட்டும் கழித்திருந்தால் கையில் 14,000 நின்றிருக்கும். எல்லாம் போக 5,660 ரூபாயை நானே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஒரு மாதக் கழிப்பு, இரண்டு மாதக் கழிப்பு இரண்டையும் ஒரே பேச்சாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று மாத அட்வான்ஸில் ஒரு மாதத்தை விடுவது வீட்டுக்காரரால் தாங்கக்கூடிய துணிவு. ஒரே ஒரு மாத அட்வான்ஸ் வாங்கியவர் அதையும் கடைசி மாதத்துக்கு விட்டுவிட்டால், பிணை என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

குடியிருப்பவருக்கு உள்ள ஆபத்து இதன் மறுபக்கம். வாடகையை நிறுத்தியவர் பாக்கிக்காரராகக் காணப்படுகிறார். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, சேராதவற்றையும் சேர்க்கத் தொடங்குவார். நம்மூரில் அடிக்கடி நடப்பது பெயிண்ட் காசு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டுக்காரரின் பொறுப்பில்தான் வைக்கிறது. குழாய், சுவிட்ச், வாஷ்பேசின் போன்ற சிறு பழுதுகளே குடியிருப்பவரின் பங்கு. ஒப்பந்தத்தில் இதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே இருவரும் படித்துக்கொள்வது நல்லது. ஏற்காட்டில் மழைக்காலத்து ஈரத்தால் சுவரில் பூக்கும் கறுப்புத் திட்டுக்கெல்லாம் குடியிருந்தவரிடம் காசு கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலையின் ஈரத்துக்கு அவர் என்ன செய்வார்?

கழிப்பது என்று இருவரும் ஒப்பினால், வாய்ப்பேச்சோடு நிறுத்தக் கூடாது. எந்த மாத வாடகை, எவ்வளவு, கழித்தபின் அட்வான்ஸில் மீதி எவ்வளவு, காலி செய்யும் தேதி எது என்று நான்கு வரி வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, மற்றவர் 'சரி' என்று பதில் போட்டால் போதும். சாவி கொடுக்கும் நாளில் இபி மீட்டரைப் படம் எடுத்து அந்த எண்ணையும் அதே உரையாடலில் போட வேண்டும். பில் வரும்போது யூனிட்டைப் பிரித்துப் பார்க்க அதுவே சாட்சி.

அடுத்து வந்தவருடன் எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கடைசி ஒரு மாத வாடகையை மட்டும் அட்வான்ஸில் கழிக்கலாம், மீதியை நான் சாவி வாங்கிய முப்பது நாளுக்குள் தர வேண்டும். இரண்டாவது பாதியைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.