அம்மாவின் தலைசுற்றல் மாத்திரையும் கொல்லிமலை வளைவுகளும்

நாமக்கல்லில் மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்று 19 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் எரிச்சலூட்டிய சொல் எது என்று கேட்டால் ‘தலைசுத்தல் மாத்திரை’ என்பேன். அந்தப் பெயரில் ஒரு மாத்திரை கிடையாது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வகை மாத்திரைகளை அந்த ஒரே பெயரில் கேட்கிறோம், நாங்களும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். போன மாதம் அது என் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அக்கா குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா மகளுக்கு 11 வயது. டவுன் பஸ்ஸில் சேலம் போனாலே முகம் வெளுத்துவிடும் பிள்ளை. இருபதாவது வளைவு வருவதற்குள் வேனை மூன்று முறை நிறுத்தியாகிவிட்டது. “மாத்திரை ஏதாவது கொடுத்தியா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“கொடுத்தேன்டா. கிளம்பறப்ப அம்மாவோட தலைசுத்தல் மாத்திரையில ஒண்ணு கொடுத்தேன். அவளுக்கு எதுவுமே கேக்க மாட்டேங்குது.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு, உள்ளே இரண்டு மாத்திரை. பெயரில் பாதிதான் இருந்தது. அதில் வெர்ட் என்ற எழுத்துகள் தெரிந்தன. மருந்தின் உண்மையான பெயர் அச்சாகியிருந்த பாதி, அட்டையின் மறு துண்டோடு எங்கேயோ போய்விட்டது. ஆனால் எனக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு மாதாமாதம் அதை எடுத்து வைப்பவனே நான்தான். பீட்டாஹிஸ்டின், 16 மில்லிகிராம்.

வெர்டின், பீட்டாவெர்ட் என்று பல கம்பெனிப் பெயர்களில் வருவது இதுதான். வெர்டைகோ என்ற சொல்லிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பெயரில் ஒட்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். டாக்டருக்கு அது வசதி. வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே குழப்பம். வெர்டைகோ என்றால் தலைசுற்றல், பிள்ளைக்கும் தலை சுற்றுகிறது, ஆகவே இது அதற்கும் ஆகும் என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை.

அம்மாவுக்கு இருப்பது மெனியர் நோய். அவர் வண்டியில் போகவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். முதலில் ஒரு காது அடைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு இரைச்சல் கேட்கும், அந்தப் பக்கம் காது மந்தமாகும். அப்புறம் வீடே சுற்ற ஆரம்பிக்கும். அரை மணி நேரத்திலும் நிற்கலாம், இரண்டு மூன்று மணி நேரமும் இழுக்கலாம். உள்காதில் இருக்கும் திரவத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறுவதோடு இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தத் தாக்குதல்கள் அடிக்கடி வராமல் இருக்கத்தான் தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு, இந்த மாத்திரை. இன்று போட்டால் இன்றே நிற்கும் மருந்து இல்லை. வாரக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்துத்தான் பலன் உண்டா என்று சொல்ல முடியும்.

பஸ் வாந்தி வேறு சங்கதி. பிள்ளையின் காதில் நோய் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அது ரொம்ப ஒழுங்காக வேலை செய்கிறது. வேன் வளையும்போது காது “திரும்புகிறோம்” என்கிறது. அவள் கண்ணோ கையில் இருந்த போனைப் பார்த்து “அசையவே இல்லை” என்கிறது. இந்த முரண்பாடு மூளைக்குப் போய், அங்கிருந்து வாந்தியாகத் திரும்புகிறது. இதைத் தடுக்கும் மாத்திரைகள் மூளைக்குப் போகும் அந்தச் செய்தியை மட்டுப்படுத்துபவை. அவோமின் என்ற பெயரில் வரும் புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், ஸ்டுஜிரான் என்ற பெயரில் வரும் சின்னாரிசின் எல்லாம் இந்தக் கூட்டம். இவை அனைத்தும் ஆன்டிஹிஸ்டமின்கள்.

இப்போது இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீட்டாஹிஸ்டின், ஆன்டிஹிஸ்டமின். இரண்டிலும் ‘ஹிஸ்ட’ இருக்கிறது. ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே சுரக்கிற பொருள். பீட்டாஹிஸ்டின் அமைப்பில் அதன் தம்பி மாதிரி. ஹிஸ்டமின் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்து லேசாக அதே வேலையைச் செய்யும், அதோடு உடம்பில் ஹிஸ்டமின் கூடுதலாக வெளிவரவும் வழி செய்யும். ஆன்டிஹிஸ்டமின் அதே இடத்தை அடைத்து ஹிஸ்டமினை உட்கார விடாது. ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் அதே கதவைச் சாத்துகிறார். இரண்டும் ‘தலைசுத்தல் மாத்திரை’!

ஆக, பிள்ளைக்குப் போனது பயண வாந்தியைத் தடுக்கிற மருந்தே இல்லை. பீட்டாஹிஸ்டினை 18 வயதுக்குக் கீழே கொடுப்பதும் வழக்கமில்லை. கூடவே வெறும் வயிறு. பீட்டாஹிஸ்டினின் சாதாரணப் பக்கவிளைவே குமட்டலும் வயிற்று எரிச்சலும்தான், சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வதே அதற்காகத்தான். இருபதாவது வளைவில் வந்த வாந்தியில் மலைக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“சரி, இப்ப சரியான மாத்திரையைக் கொடுத்துடு” என்றாள் அக்கா. அதற்கும் நேரம் தாண்டிவிட்டது. குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை வேலையை நிறுத்திக்கொள்ளும். உள்ளே போன மாத்திரை குடலுக்கு இறங்காமல் அப்படியே கிடக்கும், அல்லது அடுத்த வளைவில் வெளியே வந்துவிடும். அவோமின் வகையைக் கிளம்புவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். நீண்ட பயணம் என்றால் முதல் நாள் இரவு படுக்கும்போதே போடலாம். சின்னாரிசினும் இரண்டு மணி நேரம் முன்பு. கடைக்கு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், “அண்ணே, ஏற்காடு போறோம், ஒரு வாந்தி மாத்திரை கொடுங்க, பாப்பா வாயில போட்டுட்டுக் கிளம்பிடறோம்” என்பவர்களை வாரம் இரண்டு பேராவது பார்க்கிறேன். அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்போது அவர்கள் ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை படகிலேயே தூங்கும்.

மறு பக்கத்துத் தப்புதான் எனக்கு அதிகம் பயம். பஸ் மாத்திரையை வெர்டைகோவுக்கு மாதக்கணக்கில் சாப்பிடுவது. எழுபது தாண்டிய ஒரு பெரியவர் கடைக்கு வருவார். எப்போதோ ஒருமுறை தலை சுற்றியபோது சின்னாரிசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துச்சீட்டில் பத்து நாள் என்றுதான் இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனதால் வேறு வேறு கடைகளில் பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம் பணம் கொடுக்கும்போது கவனித்தேன். புது நூறு ரூபாய் நோட்டுகள் இரண்டு ஒட்டியிருந்தன, அவரால் பிரிக்க முடியவில்லை. விரல் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஆடுகிறது. முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. படியிறங்கும்போது கால் தரையைத் தேய்த்தது. “வயசாச்சு தம்பி” என்றார்.

வயது மட்டும் காரணமில்லை. சின்னாரிசின் மூளையில் டோபமின் வேலையையும் தடுக்கும். வயதானவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் வரலாம். ஸ்டெமெடில் என்ற பெயரில் வரும் புரோகுளோர்பெரசினுக்கும் இதே குணம் உண்டு, அதையும் தலைசுற்றலுக்குத்தான் எழுதுகிறார்கள். இரண்டும் கெட்ட மருந்து இல்லை. சுற்றலும் வாந்தியும் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாளைக்கு நல்ல துணை. அதற்கு மேல் போனால் இன்னொரு கேடும் உண்டு. காது கெட்டால் மூளை மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இவை அதையே தள்ளிப்போடும். பெரியவரை டாக்டரிடம் அனுப்பினேன், அவர் நிறுத்தினார். நான்கைந்து மாதம் கழித்து வந்தபோது நோட்டை அவரே எண்ணிக் கொடுத்தார்.

இன்னொரு வகையும் உண்டு, இரண்டு அட்டையையும் ஒன்றாகச் சாப்பிடுபவர்கள். ஒரு டாக்டர் பீட்டாஹிஸ்டின் எழுதுவார், பயணத்துக்கென்று வாங்கிய ஆன்டிஹிஸ்டமின் வீட்டில் கிடக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் போடுவார்கள். திறக்கிறவரும் சாத்துகிறவரும் ஒரே கதவில் நின்றால் என்ன ஆகும்? குறைந்தபட்சம் எழுதிய டாக்டருக்காவது அது தெரிய வேண்டும்.

பீட்டாஹிஸ்டின் பக்கமும் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது. மெனியர் நோயாளிகள் 221 பேர், 9 மாதம். குறைந்த அளவு, அதிக அளவு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று மூன்று குழு. மூன்றிலும் தாக்குதல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு இன்று அனுமதி கிடையாது. இங்கேயும் ஐரோப்பாவிலும் டாக்டர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள், என் அம்மா உட்பட பலர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அம்மாவை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் “இன்னும் வேண்டுமா” என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கேட்க வைக்கிறேன். வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றி, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறவர்களுக்கு இந்த இரண்டு கட்சியுமே வேண்டியதில்லை. அது காதுக்குள் நுண்ணிய துகள்கள் இடம் மாறியதால் வருவது. டாக்டர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்க வைத்து அவற்றை இடத்தில் சேர்ப்பார். சுற்றலோடு நாக்கு குழறினாலோ, கண் இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ மெடிக்கல் ஷாப் பக்கமே வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

அதனால்தான் இப்போதெல்லாம் என் கடையில் தலைசுத்தல் மாத்திரை கேட்டால் கொடுப்பதில்லை. “வண்டியிலா, வீட்டிலா?” என்று கேட்கிறேன். சிலர் முறைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், போகட்டும். அட்டையை வெட்டினால் மருந்தின் பெயர் இருக்கிற துண்டைத்தான் கொடுக்கிறேன். அது முடியாவிட்டால் கவரில் பேனாவால் எழுதுகிறேன். இதை எல்லாக் கடையும் செய்யலாம், காசா பணமா?

கொல்லிமலையில் இரண்டாம் நாள், செம்மேட்டிலிருந்து இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பிள்ளைக்கு அவோமின் ஒன்று கொடுத்தேன். போனைப் பிடுங்கி வைத்து, முன் சீட்டில் ரோட்டைப் பார்க்க உட்கார வைத்தேன். ஐந்தாவது வளைவிலேயே தூங்கிவிட்டாள். கீழே வந்து காரவள்ளியில் இளநீருக்கு நிறுத்தியபோதுதான் கண் திறந்தாள்.

“மாமா, மலை முடிஞ்சிருச்சா? குரங்கு வந்தா எழுப்பச் சொன்னேன்ல?”