மாம்பழம் பொறுக்காது

பெறாமகள் (வெள்ளவத்தை): சீச்சீ, வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது பெரியம்மா? இங்க கொஞ்சம் வேலை கூட, அதுதான்.

பெரியம்மா (கொக்குவில்): வேலை கூடவெண்டா நல்லதாப் போச்சு. ஆறு பேர் வாறம். ஆளுக்கொரு வேலையாச் செய்து முடிச்சிடலாம்.

பெறாமகள்: அதில்லை... வீட்டிலயும் இடம் காணாது.

பெரியம்மா: 95இல இடம்பெயர்ந்து சாவகச்சேரியில ஒரு அறைக்குள்ள இருபத்திரண்டு பேர் படுத்தெழும்பின ஆக்களுக்கு நீ இடத்தைப் பற்றிச் சொல்லுறாய். உன்ர பிளாட்டில ரெண்டு அறையும் ஒரு ஹோலும் இருக்கு. லிப்டும் இருக்கு.

பெறாமகள்: லிப்டில படுக்கேலாதே பெரியம்மா. இவருக்கும் ஒபிஸில கணக்கு முடிக்கிற நேரம்...

பெரியம்மா: முடிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? பிள்ளை, கறுத்தக்கொழும்பான் பிடுங்கி வைக்கோலுக்குள்ள வச்சாச்சு. வியாழக்கிழமை பழுக்கும். வெள்ளி விடிய நான் உன்ர வீட்டு வாசல்ல நிக்கவேணும். உன்ர மனுசன்ர கணக்கு முடியுமட்டும் மாம்பழம் பொறுக்காது.

(இதோடு மூன்று சாட்டு போய்விட்டது. எங்கட ஆக்களிடம் சாட்டு மட்டும் சொல்லக்கூடாது. அதைத் தீர்த்துவைக்க வேண்டிய பிரச்சினையாகத்தான் அவர்கள் எடுப்பார்கள். இந்தப் பெறாமகளுக்கு அது இன்னும் விளங்கவில்லை. அடுத்ததாக அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள், அது சாட்டைவிட மோசம்.)

பெறாமகள்: உண்மையைச் சொல்லுறன் பெரியம்மா. சின்னவனுக்குச் சுகமில்லை.

பெரியம்மா: ஐயோ என்ர பிள்ளை! இதை முதலே சொல்லுறேல்லையே? அப்பிடியெண்டா வெள்ளிக்கிழமை மட்டும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நாளைக்கு இரவு பஸ்ஸிலயே வெளிக்கிடுறம்.

பெறாமகள்: ஏன் பெரியம்மா?!

பெரியம்மா: வருத்தம் பாக்க வேண்டாமே? பிள்ளை படுத்த படுக்கையாக் கிடக்க நாங்கள் இங்க மாம்பழம் தின்னுறதோ? என்ன வருத்தம்?

பெறாமகள்: டெங்கு.

பெரியம்மா: டெங்கு ஆளால ஆளுக்குத் தொத்தாது. றேடியோவில சொன்னவங்கள்.

பெறாமகள்: ஆளால தொத்தாதுதான். அவனைக் குத்தின நுளம்பு உங்களைக் குத்தினா வரும். அதுக்காகத்தான் பகலிலயும் நெற்றுக்குள்ள படுக்க வச்சிருக்கிறன்.

பெரியம்மா: குத்தின உடனயே வந்திடுமே?

பெறாமகள்: உடன வராது. கிருமி நுளம்புக்குள்ள எட்டுப் பத்து நாள் வளந்த பிறகுதான் மற்ற ஆளுக்குப் பரவுமாம்.

பெரியம்மா: அப்ப என்ன பயம்? நாங்கள் ஆறு நாள்தானே நிக்கப்போறம். உன்ர நுளம்பு ஆயத்தப்பட முதலே நாங்கள் கொக்குவிலுக்கு வந்திடுவம்.

பெறாமகள்: ஆறு நாளோ?

பெரியம்மா: ஆறு பேருக்கு ஆறு நாள். காய்ச்சல் எப்பிடி இருக்கு?

பெறாமகள்: இண்டைக்கு நாலாம் நாள். விடியப்பறம் இறங்கிட்டுது.

பெரியம்மா: இறங்கிட்டுதோ! முருகா! பிறகென்ன பிள்ளை, சுகமாகிற வீட்டுக்குத்தானே வாறம்.

பெறாமகள்: டெங்குக்கு இறங்கினதுதான் பயம் பெரியம்மா. காய்ச்சல் விட்டதுக்குப் பிறகு வாற ஒண்டு ரெண்டு நாளிலதான் இரத்தக் குழாயில இருந்து நீர் கசியத் தொடங்குமாம். பாத்தா சுகம் வந்த பிள்ளை மாதிரித்தான் இருக்கும். வயித்துக்குத்து, சத்தி, கை கால் சில்லிடுறது, மூத்திரம் குறையிறது, இதில ஒண்டைக் கண்டாலும் உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடவேணும். பிளேட்லெட் இண்டைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். நாளைக்கும் இரத்தம் குடுத்துப் பாக்கவேணும். லட்சத்துக்குக் கீழ போனா வாட்டில மறிப்பினம்.

பெரியம்மா: நீ தனிய என்ன செய்வாய்? அதுக்குத்தானே வாறம் எண்டுறன்.

பெறாமகள்: டொக்டர் குடிக்கிறதையும் அளந்து எழுதச் சொன்னவர், போற மூத்திரத்தையும் அளந்து எழுதச் சொன்னவர். குசினியில ஒரு பிளாஸ்ரிக் சாடி, பாத்ரூமில ஒரு பிளாஸ்ரிக் சாடி. கொப்பியில ரெண்டு பக்கமும் கோடு அடிச்சு வச்சிருக்கிறன்.

பெரியம்மா: ரெண்டு சாடியும் ஒரே மாதிரியோ?

பெறாமகள்: ஓம், ஒரே கடையில வாங்கினது.

பெரியம்மா: அப்ப உன்ர வீட்டில தேத்தண்ணி குடிக்கிற எண்ணத்தை இப்பவே விட்டிட்டன். சரி, நான் மாதுளம்பழச் சாறு அடிச்சுக் கொண்டுவாறன். இரத்தம் ஊறும்.

பெறாமகள்: சிவப்பும் கபிலமும் குடுக்கவேண்டாமெண்டு சொல்லியிருக்கினம். சத்தி எடுத்தா அது சாறோ இரத்தமோ எண்டு தெரியாமப் போயிடுமாம்.

பெரியம்மா: பீற்றூட்?

பெறாமகள்: அதுவும் சிவப்புத்தானே பெரியம்மா.

பெரியம்மா: மாம்பழம் என்ன நிறம்?

பெறாமகள்: மஞ்சள்.

பெரியம்மா: அப்ப குடுக்கலாம்.

பெறாமகள்: குடுக்கலாம், ஆனா...

பெரியம்மா: நாளைக்கு இரவு பஸ். ஏழரைக்கு வெளிக்கிடுறம்.

(பெறாமகள் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். நாலாம் மாடி யன்னலால் காலி வீதி இரைகிறது. அறைக்குள்ளிருந்து “அம்மா, மூத்திரம் வருது” என்று சின்னவன் கூப்பிடுகிறான்.)

பெறாமகள்: பெரியம்மா, கேளுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அலாம் வச்சு எழும்புறன். மூண்டு இரவா நித்திரை இல்லை. ஆறு பேர் வந்து நிண்டா நான் உங்களுக்குப் பிட்டு அவிக்கிறதோ, அவன்ர மூத்திரத்தை அளக்கிறதோ? இப்ப வராதேங்கோ.

(மற்றப் பக்கம் சத்தமில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்கிறது.)

பெரியம்மா: இதைச் சொல்ல உனக்குப் பதினைஞ்சு நிமிசம் பிடிச்சிருக்கு.

பெறாமகள்: கோவமோ?

பெரியம்மா: கோவம்தான். வராதேங்கோ எண்டதுக்கில்லை. “வேலை”, “இடமில்லை”, “கணக்கு” எண்டு சுத்தி வளைச்சாய் பார், அதுக்கு. உனக்கு வயித்தால போகேக்க கழுவி விட்டவள் நான். எனக்கு என்னத்துக்கு உந்தக் கொழும்பு மரியாதை? வெள்ளவத்தைக்குப் போனவுடன எல்லாரும் “வாங்கோ, ஆனா” எண்ட பாசையைப் படிச்சிடுறியள். “வாங்கோ”வைக் கேட்டு நான் உடுப்பு அடுக்குவன், “ஆனா”வைக் கேட்டு உன்ர பெரியப்பா பையைத் திருப்பி அவிழ்ப்பார். காலமையில இருந்து மூண்டு தரம் அடுக்கியாச்சு.

பெறாமகள்: சொறி பெரியம்மா. அவனுக்குச் சுகமாகட்டும், பிறகு பாப்பம்.

பெரியம்மா: “பிறகு பாப்பம்” எண்டா என்ர காதில “ஒரு நாளும் வேண்டாம்” எண்டுதான் விழும். திகதி சொல்லு.

பெறாமகள்: ரெண்டு கிழமையால, சனிக்கிழமை வாங்கோ. மூண்டு பேர், மூண்டு நாள்.

பெரியம்மா: அஞ்சு பேர், அஞ்சு நாள்.

பெறாமகள்: பெரியம்மா!

பெரியம்மா: சரி, நாலு பேர், நாலு நாள். பெரியப்பா சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறப்பார், அவரை அரை ஆளா எடு. தலையணை நான் கொண்டுவாறன்.

பெறாமகள்: சரி, ஓம்.

பெரியம்மா: ஆனா மாம்பழம் ரெண்டு கிழமை பொறுக்காது.

பெறாமகள்: தெரியும் பெரியம்மா, நீங்களே சாப்பிடுங்கோவன்...

பெரியம்மா: பெட்டி கட்டி நாளைக்கு இரவு பஸ்ஸில போட்டுவிடுறன். விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில இறக்குவாங்கள். ஆள் நிக்கவேணும், நிக்காட்டில் பெட்டி திரும்பி வந்திடும்.

பெறாமகள்: நாலரைக்கோ? அவனை விட்டிட்டு நான் எப்பிடி...

பெரியம்மா: உன்னை ஆர் கூப்பிட்டது? நீ பிள்ளையைப் பார். கணக்கு முடிக்கிறவரை அனுப்பு. நாப்பது பழம் வச்சிருக்கு, எண்ணி எடுக்கட்டும்.